ஹால்விங் காலண்டரை நம்பி 12 லட்சத்தையும் ஒரே நாளில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்பாவின் மனையை விற்றதில் என் பங்காக 12 லட்சம் வந்தது, பேங்கில் எஃப்.டி.யில் இருக்கிறது. ஒரு வருடமாக கட்டணம் கட்டி ஒரு டெலிகிராம் குழுவில் இருக்கிறேன். அவர்கள் கணக்கு இதுதான்: பிட்காயின் ஹால்விங் நடந்து 18 மாதத்தில் உச்சம் வரும், உச்சத்திலிருந்து 12 மாதத்தில் அடிமட்டம் வரும். 2025 அக்டோபரில் உச்சம் முடிந்தது. அதனால் 2026 அக்டோபரில் மொத்தப் பணத்தையும் போட்டு, 2029 அக்டோபரில் விற்க வேண்டும். சார்ட்டைப் பார்த்தால் எனக்கும் சரியாகத்தான் தெரிகிறது. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் காலேஜ் செலவுக்கு என்று இருப்பது இந்தப் பணம்தான். மனைவி வேண்டாம் என்கிறார். ஹால்விங் புரோகிராமிலேயே எழுதப்பட்டது, யாராலும் மாற்ற முடியாது. அப்படியிருக்க இதில் எப்படித் தப்பு வரும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

புரோகிராமில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதில் எழுதியிருப்பது வரத்து மட்டும். விலை அதில் இல்லை. பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதிவு செய்யும் ஒவ்வொரு கட்டும் ஒரு பிளாக். 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பிளாக்கிலும் புதிதாகக் கிடைக்கும் பிட்காயின் பாதியாகக் குறையும், இதுதான் ஹால்விங். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற வேகத்தில் இது ஏறக்குறைய 4 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2012 நவம்பரில் 50 என்பது 25 ஆனது, 2016 ஜூலையில் 12.5, 2020 மே மாதத்தில் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. அடுத்தது 2028 ஏப்ரல் வாக்கில் வரலாம். வாங்க எத்தனை பேர் வருவார்கள், பழைய காயினை வைத்திருப்பவர்கள் எப்போது விற்பார்கள் என்பதைத் தீர்மானிக்க அந்தப் புரோகிராமில் ஒரு வரிகூடக் கிடையாது. விலையைத் தீர்மானிப்பவர்கள் இவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. யாராலும் மாற்ற முடியாத தேதி என்பதை நீங்கள் பலமாகப் பார்க்கிறீர்கள். அதே காரணத்தால் அந்தத் தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்திக்காக விலை ஏற வேண்டுமென்றால், அது தெரிந்தவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள், முன்பே வாங்கிவிடுவார்கள். 2024-ல் ஓரளவு அப்படித்தான் நடந்தது. ஹால்விங்குக்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் நடுவில், பிட்காயின் சுமார் 73,700 டாலரைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. ஹால்விங் நாளில் விலை 64,000 டாலர் பக்கம் இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய எந்தச் சுற்றிலும் ஹால்விங்குக்கு முன்பே புதிய உச்சம் வந்ததில்லை.

குழு சொல்வதில் எது சரி

அவர்கள் சொல்வதை முழுக்கப் பொய் என்று ஒதுக்க மாட்டேன். தேதிகளை எண்ணிப் பார்த்தால் பொருத்தம் தெரிகிறது. 2016 ஹால்விங்கிலிருந்து 2017 டிசம்பர் 17 உச்சம் வரை 526 நாள். 2020-லிருந்து 2021 நவம்பர் 10 வரை 548 நாள். 2024-லிருந்து, 1,26,000 டாலர் தொட்ட 2025 அக்டோபர் 6 வரை 534 நாள். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். 2012 ஹால்விங்குக்குப் பிந்தைய உச்சம் மட்டும் 371 நாளிலேயே வந்துவிட்டது, அதைச் சார்ட்டில் ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் மூன்று என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. அந்த மூன்றிலும் ஹால்விங் தனியாக வேலை செய்யவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்துக்கு அருகே இறக்கி, பணத்தைப் பெருமளவில் சந்தையில் விட்டது. இரண்டு மாதம் கழித்து ஹால்விங் வந்தது. 2021-ல் பங்குகள், கிரிப்டோ என்று பெரும்பாலான முதலீடுகள் சேர்ந்து ஏறின. 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கியதும் எல்லாம் சேர்ந்து இறங்கின. அந்த வருட மே மாதத்தில் டெர்ரா லூனா என்ற கிரிப்டோ நாணயம் சரிந்தது, நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் திவாலானது. பிட்காயின் 15,500 டாலருக்கு வந்தது அந்தத் திவாலுக்குப் பிந்தைய நாட்களில். ஒரு கம்பெனி வாடிக்கையாளர் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தி மாட்டிக்கொண்ட நேரத்தை எந்த ஹால்விங் காலண்டரும் குறித்து வைத்திருக்க முடியாது. சார்ட்டில் அது "12 மாத அடிமட்டம்" என்று அழகாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2011-ஐயும் பாருங்கள். ஜூனில் சுமார் 32 டாலருக்கு ஏறி, நவம்பரில் 2 டாலருக்கு விழுந்தது. அப்போது ஒரு ஹால்விங்கூட நடந்திருக்கவில்லை. உச்சமும் சரிவும் வருவதற்கு இந்தச் சந்தைக்கு ஹால்விங் தேவைப்படவில்லை.

உங்கள் விதியைப் பழைய தேதிகளில் ஓட்டிப் பார்த்தால்

"உச்சத்திலிருந்து 12 மாதம் கழித்து மொத்தமாக வாங்கு" என்பது உங்கள் விதி. 2017 டிசம்பர் உச்சத்துக்கு அது பிரமாதமாகப் பொருந்துகிறது, அடுத்த டிசம்பரில் 3,200 டாலர் அடிமட்டத்துக்குப் பக்கத்திலேயே வாங்கியிருப்பீர்கள். 2013 டிசம்பரில் 1,150 டாலர் பக்கம் உச்சம். ஒரு வருடம் கழித்து வாங்கியிருந்தால் 370 டாலர் சுமாருக்கு வாங்கியிருப்பீர்கள். அடுத்த ஆறு வாரத்தில் அது 200 டாலருக்கும் கீழே போனது. போட்ட பணம் பாதியாகிவிட்டிருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2021தான். இன்று சார்ட்டைப் பார்ப்பவருக்கு அந்தச் சுற்றின் உச்சம் நவம்பர், 69,000 டாலர். ஆனால் அன்று வாழ்ந்தவருக்கு அப்படித் தெரியவில்லை. 2021 ஏப்ரல் நடுவில் விலை 64,800 டாலரைத் தொட்டு, ஜூன், ஜூலையில் 30,000 டாலருக்கு இறங்கியது. பாதிக்கு மேல் போய்விட்டது. உச்சம் முடிந்தது என்று அப்போது ஒருவர் முடிவு செய்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் உங்கள் விதிப்படி 12 மாதம் எண்ணி, 2022 ஏப்ரலில் 40,000 டாலர் சுமாருக்கு 12 லட்சத்தையும் போட்டிருப்பார். ஏழு மாதத்தில் விலை 15,500. டாலர் மதிப்பு கொஞ்சம் ஏறியதையும் சேர்த்துக்கொண்டால்கூட, அவர் கையில் ஏறக்குறைய 5 லட்சம் இருந்திருக்கும். திரும்ப 40,000 டாலரைப் பார்க்க 2023 டிசம்பர் வரை, ஒன்றரை வருடத்துக்கு மேல், காத்திருந்திருப்பார். அதுவும் இடையில் பயந்து விற்காமல் இருந்திருந்தால்.

எந்த உச்சம் உண்மையான உச்சம் என்பது பின்னால் வந்த விலைகள் தெரிந்த பிறகுதான் தெரியும். உங்கள் கணக்கு தொடங்குவதே அந்தத் தேதியிலிருந்துதான். 2025 அக்டோபரை உச்சம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வது நியாயமான ஊகம். ஆனாலும் அது ஊகம்தான். அதன் மேல் 12 மாதம் என்ற இன்னொரு ஊகத்தை வைத்து, அதன் மேல் 12 லட்சத்தை வைக்கிறீர்கள்.

லைட்காயின் என்ற சாட்சி

ஹால்விங்தான் விலையை ஏற்றுகிறது என்றால், அதே ஏற்பாடு உள்ள வேறு நாணயத்திலும் அது தெரிய வேண்டும். லைட்காயின் அப்படிப்பட்டது. பிட்காயினின் புரோகிராமை எடுத்து, சில மாற்றங்களோடு செய்தது. 8,40,000 பிளாக்குக்கு ஒருமுறை, அதுவும் ஏறக்குறைய 4 ஆண்டுக்கு ஒருமுறை, வரத்து பாதியாகும். 2015 ஆகஸ்ட், 2019 ஆகஸ்ட், 2023 ஆகஸ்ட் என்று இதுவரை மூன்று முறை நடந்திருக்கிறது.

2019-ல் ஹால்விங்கை எதிர்பார்த்தே விலை ஏறி, ஜூனில் 140 டாலர் பக்கம் போனது. ஆகஸ்டில் ஹால்விங் நடந்தபோது 100 டாலருக்குக் கொஞ்சம் கீழே. அந்த டிசம்பரில் 40 டாலர். 2023-லும் இதே ஜாடைதான். ஜூலை தொடக்கத்தில் 110 டாலரைத் தாண்டி, ஹால்விங் நாளில் 90 பக்கம் வந்து, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இன்னும் கீழே இருந்தது. 2021 மே மாதத்தில் லைட்காயின் 400 டாலரைத் தொட்டதே என்று குழுவில் கேட்பார்கள். தொட்டது உண்மை. ஆனால் அப்போது பிட்காயினும் அதன் ஏப்ரல் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தது, கிரிப்டோவில் பெரும்பாலானவை ஏறின. லைட்காயின் தன் சொந்த ஹால்விங் தேதியைப் பின்பற்றவில்லை, சந்தையில் பணம் பாய்ந்த நேரத்தைப் பின்பற்றியது. வரத்து குறைவது மட்டும் போதாது, வாங்குபவர் வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

பிட்காயினிலும் அந்த வரத்துக் குறைப்பின் அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. 2012-ல் ஒரு நாளைக்கு 7,200 காயின் வந்த இடத்தில் 3,600 ஆனது. மொத்தமே 105 லட்சம் காயின் இருந்த காலம் அது, அதனால் அந்தக் குறைப்பு பெரியது. 2024-ல் 900 என்பது 450 ஆனது, அப்போது மொத்தம் 197 லட்சத்தை நெருங்கியிருந்தது. அதே 2024 கோடையில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலம் ஒரு வழக்கில் கைப்பற்றிய சுமார் 50,000 காயினைச் சில வாரங்களில் விற்றுத் தீர்த்தது. ஒரு மாநில அரசு விற்றது, மூன்றரை மாதத்துக்கும் மேல் வரும் புதிய வரத்துக்குச் சமம். இதற்கு நடுவே ஒரு நாளைக்கு 450 காயின் குறைந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு தேதி குறிப்பது சரியாக வராது.

தவறுக்கு இடம் சுருங்குகிறது

தேதி ஓரளவு பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து, அதனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். 2012 ஹால்விங் நாளில் 12 டாலரிலிருந்து அந்தச் சுற்றின் உச்சத்துக்கு 95 மடங்கு. 2016-ல் 650 டாலரிலிருந்து 30 மடங்கு. 2020-ல் 8 மடங்கு. 2024-ல் 64,000-லிருந்து 1,26,000, அதாவது 2 மடங்கு.

95 மடங்கு ஏறும் காலத்தில் நான்கு மாதம் முன்னேயோ பின்னேயோ போனாலும் பெரிய நஷ்டமில்லை. 2 மடங்கு ஏறும் காலத்தில் நிலைமை வேறு. 2024 ஹால்விங் நாளில் வாங்கி 2025 அக்டோபர் 6 அன்றே விற்றவருக்கு ஏறக்குறைய 97 சதவீத லாபம். அந்த டிசம்பர் கடைசி வரை, மூன்றே மாதம், தாமதித்தவருக்கு விலை 87,000 டாலர் பக்கம் வந்து, லாபம் 36 சதவீதமாகச் சுருங்கியது. வரி போக இன்னும் குறைவு. நீங்கள் நினைக்கும் மாதிரி அடிமட்டத்தில் வாங்கினால் மடங்கு கூடும், உண்மைதான். ஆனால் சரிவின் அளவு லாபத்தைப் போலச் சுருங்கவில்லை. 2013-க்குப் பின் 85 சதவீதம், 2017-க்குப் பின் 84, 2021-க்குப் பின் 77.

வரியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள் பார்த்து வாங்கி விற்பவரை அது தனியாகத் தாக்குகிறது. இப்போதைய விதிப்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, செஸ் சேர்த்து 31.2. அதிக வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ் தனி. ஒரு கிரிப்டோவில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. அக்டோபரில் வாங்கி, விலை இன்னும் இறங்கியதும் பயந்து 3 லட்சம் நஷ்டத்தில் விற்கிறீர்கள் என்று வைப்போம். அப்புறம் திரும்ப வாங்கி அதே நிதியாண்டில் 3 லட்சம் லாபத்தில் விற்கிறீர்கள். கையில் நின்றது பூஜ்ஜியம். வரி மட்டும் 93,600 ரூபாய்.

2029-ல் உங்களுக்குப் பணம் எப்போது வேண்டும்?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு என்றால் பன்னிரண்டு முடித்து காலேஜ் சேருவது 2029 ஜூன் வாக்கில். குழு சொல்லும் விற்பனைத் தேதி 2029 அக்டோபர். அவர்கள் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகாமல் பலித்தாலும், முதல் வருட ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் நீங்கள் "உச்சத்துக்கு நாலு மாதம் இருக்கிறதே" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். ஒன்று, அவசரமாக விற்பீர்கள். இல்லையென்றால் கடன் வாங்குவீர்கள். அந்தக் கணக்கு உங்கள் குடும்பத்தின் தேதிகளை வைத்துப் போட்டதல்ல. உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்வதற்கு அவருடைய காரணம் என்னவோ, எனக்குத் தெரிகிற காரணம் இது.

என் ஆலோசனை இதுதான். காலேஜுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். பெரும்பாலும் இந்த 12 லட்சத்தில் 10 அல்லது 11 அதற்கே போய்விடும் என்று நினைக்கிறேன். அது 2029 மே மாதத்தில் முதிரும்படி எஃப்.டி.யிலேயே இருக்கட்டும், இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான் டெபாசிட் காப்பீடு உண்டு, அதனால் மனைவி பெயரிலும் கணக்கு இருந்தால் நல்லது.

பிட்காயின் வேண்டும் என்ற ஆசையை விட முடியவில்லை என்றால், தொகையை முதலில் முடிவு செய்யுங்கள், தேதியைப் பிறகு பார்க்கலாம். 80 சதவீதம் போனாலும் வீட்டில் எதுவும் தடைப்படாது என்ற தொகை எது? 80,000 ரூபாய் போனால் தாங்கலாம் என்றால், மொத்தமாகப் போடக்கூடியது 1 லட்சம். அதையும் அக்டோபரில் ஒரே நாளில் போடாமல், மாதம் 4,000 வீதம் இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் போடுங்கள். அடிமட்டம் 2026 ஜூனில் வந்தாலும் 2027 மார்ச்சில் வந்தாலும், அதன் ஒரு பகுதி உங்களுக்கும் கிடைக்கும். அது வரவே இல்லை என்றாலும் உங்கள் திட்டம் உடையாது. இப்படி வாங்குவதில் லாபத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை, ஒரே நாளை நம்பி நிற்கும் ஆபத்து மட்டும் போகிறது. விற்பனை நாளையும் காலண்டரில் குறிக்க வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் தேர்வு செய்யும்போது அது மத்திய அரசின் நிதிப் புலனாய்வு அமைப்பான எஃப்.ஐ.யு. இந்தியாவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். ஆனால் அந்தப் பதிவு பணமோசடித் தடுப்புக்கானது, உங்கள் பணத்துக்குக் காப்பீடு ஆகாது. அதேபோல, கட்டணம் வாங்கிக்கொண்டு கிரிப்டோ யோசனை சொல்பவர்கள் மீது புகார் கொடுக்க, பங்குச் சந்தை ஆலோசகர்களுக்கு இருப்பது போல செபியிடம் வழி கிடையாது. அந்தக் குழுவின் சந்தா அடுத்து எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பாருங்கள். புதுப்பிக்கும் முன் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 2022 ஏப்ரலில் நீங்கள் குழுவில் என்ன சொல்லியிருந்தீர்கள், அந்தப் பதிவுகளைக் காட்ட முடியுமா? காட்டினால் படித்துப் பாருங்கள். அந்தப் பதிவுகளே இல்லை என்றால், நீங்கள் இப்போது பார்க்கும் சார்ட் முழுக்க நடந்து முடிந்த பிறகு வரையப்பட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.